பன்னிரண்டு ரசீதும் ஒரு கட்டமும்: ஜப்பானில் வேலை செய்பவர் ஊருக்கு அனுப்பும் பணத்தின் ஆண்டுக் கணக்கு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். அதை ஆண்டு முடிவில் கூட்டி எழுதித் தர வேண்டிய தேவை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வருவதில்லை. அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது என்பதால், அங்கிருந்து அனுப்பிய தொகையை வரிக்காகக் கணக்குக் காட்டும் வேலையும் இல்லை. ஜப்பானில் நிலைமை வேறு. டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கும் தமிழ்ப் பொறியாளரானாலும், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞரானாலும், ஊரில் இருக்கும் பெற்றோரைத் தன்னைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரிக்கழிவு கேட்டால், அந்த ஆண்டில் அவர்களுக்கு அனுப்பிய மொத்தத் தொகையை ஆவணத்தோடு காட்டியாக வேண்டும். நிறுவனத்தில் கொடுக்கும் சார்ந்தோர் படிவத்தில் இதற்கென்றே ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒவ்வொருவரின் பெயருக்கு நேரேயும் அந்த ஆண்டு அனுப்பிய தொகையை அதில் எழுத வேண்டும்.

பன்னிரண்டு ரசீதைக் கூட்டி ஓர் எண்ணை எழுதுவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். கழிவு மறுக்கப்படுவதற்குக் கூட்டல் பிழை பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. யாருக்கு அனுப்பியது, எந்த ஆண்டில் அனுப்பியது, எந்த ஆவணத்தால் தெரிவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத கூட்டுத்தொகை எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன்படாது. ஆகவே இந்தக் கணக்கின் வடிவத்தை ஜனவரியிலேயே முடிவு செய்ய வேண்டும். டிசம்பரில் உட்கார்ந்து கூட்டுபவருக்கு என்ன குறைகிறது என்று தெரிய வரும், ஆனால் அதைச் சரிசெய்ய நேரம் மிஞ்சாது.

விதி எப்படி இறுகியது

ஊரில் இருக்கும் உறவினரைச் சார்ந்தோராகக் காட்டுவது ஜப்பானில் ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. உறவையும் ஆதரவையும் நிரூபிக்க என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. அப்பா, அம்மா, மாமனார், மாமியார், உடன்பிறந்தோர் என்று பலரையும் சேர்த்துக் காட்டி, வருமான வரியே இல்லாமல் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். ஜப்பானின் அரசுத் தணிக்கை வாரியம் இதைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 2016 முதல் இரண்டு வகை ஆவணங்கள் கட்டாயமாயின: உறவை நிரூபிப்பது ஒன்று, பணம் அனுப்பியதை நிரூபிப்பது மற்றொன்று.

2023 ஜனவரியில் விதி இன்னும் இறுகியது. வெளிநாட்டில் வாழும் உறவினர் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவரானால், பொதுவாகக் கழிவு கிடையாது என்றாகிவிட்டது. உறவினர் மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ, ஜப்பானில் இருந்தவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருந்தாலோ விலக்கு உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்துவது மூன்றாவது விலக்கு. அந்த உறவினரின் வாழ்க்கைச் செலவுக்கோ படிப்புக்கோ அந்த ஆண்டில் 3 லட்சத்து 80 ஆயிரம் யென் அல்லது அதற்கு மேல் கொடுத்திருந்தால் கழிவு கிடைக்கும். வயது டிசம்பர் 31 அன்று உள்ளபடி கணக்கிடப்படும். 16 முதல் 29 வயது வரையிலானவர்களுக்கும் 70 வயது நிறைந்தவர்களுக்கும் இந்த வரம்பு இல்லை. ஆனால் பணம் அனுப்பிய ஆவணம் அவர்களுக்கும் வேண்டும். மனைவிக்கோ கணவருக்கோ உரிய கழிவு வேறு கணக்கு. அதற்கு 3,80,000 வரம்பு பொருந்தாது, அனுப்பியதற்கான ஆவணம் மட்டும் தேவை.

இந்த மாற்றத்தால் ஆண்டுக் கூட்டுத்தொகையின் வேலையே மாறியது. முன்பு, உறவினரை ஆதரிக்கிறேன் என்பதற்குச் சான்றாக ரசீதுகள் இருந்தால் போதும். இப்போது நம் பெற்றோரில் பெரும்பாலோர் இருக்கும் வயதுக்கு, மொத்தத் தொகைதான் கழிவு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. ஒரு யென் குறைந்தாலும் பாதிக் கழிவு என்று எதுவும் கிடையாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் டோக்கியோவில் வேலை செய்கிறார். ஊரில் அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 61, ஆச்சிக்கு 78. மாதம் 60,000 யென் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார். வீட்டுச் செலவு, மருந்து, ஆச்சியின் கவனிப்பு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. ஆண்டுக்கு 7,20,000 யென்.

அவர் மூவரையும் சார்ந்தோராகக் காட்டினால் அப்பாவுக்கு மட்டுமே கழிவு கிடைக்கும். அனுப்பிய ஆவணம் ஒவ்வோர் உறவினருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் கணக்கில் மொத்தமாகப் போட்ட பணம், பெற்றவருக்கு மட்டுமே அனுப்பியதாகக் கொள்ளப்படும். அந்த வீட்டில் ஒரே உலையில் சோறு வேகிறது என்பதை ரசீது சொல்லாது. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் அனுப்பியது சுழியம்.

சரி, இரண்டாகப் பிரிப்போம் என்று அப்பாவுக்கு 30,000, அம்மாவுக்கு 30,000 என மாற்றுகிறார். இப்போது நிலைமை இன்னும் மோசம். பன்னிரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 3,60,000 யென். இருவரும் வரம்புக்கு 20,000 யென் கீழே நிற்கிறார்கள். முன்பு ஒருவருக்காவது கிடைத்த கழிவு இப்போது இருவருக்குமே இல்லை. மாதம் 30,000 என்பது கேட்க முழுத்தொகை போல இருப்பதால் பலரும் விழும் குழி இது.

ஆகவே கணக்கை ஆண்டுத் தொகையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 3,80,000-ஐ 12-ஆல் வகுத்தால் 31,667 வருகிறது. மாதம் 32,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,84,000. இருவருக்கும் சேர்த்து மாதம் 64,000. முன்பு அனுப்பியதைவிட 4,000 யென் மட்டுமே கூடுதல், அதுவும் பெற்றோர் கைக்கே போகிறது.

இதனால் என்ன மிச்சமாகும்? 30 முதல் 69 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு வருமான வரியில் 3,80,000 யென்னும், உள்ளூர் குடியிருப்போர் வரியில் 3,30,000 யென்னும் கழிக்கப்படும். இவை வரியிலிருந்து கழிபவை அல்ல, வரி விதிக்கும் வருமானத்திலிருந்து கழிபவை. இவர் 10 விழுக்காடு வருமான வரிப் படியில் இருப்பதாகக் கொண்டால், 2.1 விழுக்காடு மீட்புச் சிறப்பு வரியையும் சேர்த்து, ஒருவருக்காகக் குறையும் வருமான வரி ஏறக்குறைய 38,800 யென். குடியிருப்போர் வரியில் 33,000 யென். ஆளுக்கு சுமார் 71,800, இருவருக்கும் 1,43,600 யென். இந்தத் தொகை முழுவதும் 30,000-க்கும் 32,000-க்கும் நடுவே தொங்குகிறது.

ஆச்சிக்கு வரம்பு இல்லை. ஆனால் ஆச்சியின் பெயரில் பணம் போயிருக்க வேண்டும். எவ்வளவு என்று விதி எண் சொல்லவில்லை. வாழ்க்கைச் செலவுக்கோ படிப்புக்கோ வேண்டியபோதெல்லாம் கொடுத்ததாக ஆவணம் காட்ட வேண்டும் என்கிறது. ஆகவே கழிவுக்காக ஆண்டில் ஒரே ஒரு முறை சிறு தொகை போட்டுவிட்டு ஆதரிக்கிறேன் என்பது நிற்காத வாதம். ஆச்சியின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையில் ஆகும் பங்கை அவர் பெயரில் தொடர்ந்து அனுப்புவதுதான் சரி. வங்கிக் கணக்கு இல்லாத ஆச்சிகளுக்கு முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் இது ஜனவரியில் செய்ய வேண்டிய வேலை.

எது ஆவணம், எது ஆகாது

ஜப்பானில் உள்ள வங்கியோ, பதிவுபெற்ற பணப் பரிமாற்ற நிறுவனமோ கொடுக்கும் ஆவணம் ஏற்கப்படும். அனுப்பியவர் பெயர், பெற்றவர் பெயர், தேதி, தொகை நான்கும் அதில் தெரிய வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஆவணமானால் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். வேலை செய்பவர் கட்டணம் செலுத்த, உறவினர் தன் பெயரில் வாங்கிய துணை அட்டையால் செலவு செய்யும் முறையும் உண்டு. அந்தக் கடன் அட்டையின் கணக்கு விவரமும் ஆவணமாக ஏற்கப்படும்.

ஆகாதவை எவை என்று தெரிந்துகொள்வது இதைவிட முக்கியம். விடுமுறையில் ஊருக்குப் போனபோது கையில் கொடுத்த பணம் கணக்கில் வராது. ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பியதும் வராது. உண்டியல் வழியில் அனுப்பியது சட்டப்படியும் குற்றம், ரசீதும் கிடைக்காது. நண்பரின் கைப்பேசிச் செயலி வழியே அனுப்பினால், ரசீதில் அனுப்பியவர் இடத்தில் நண்பர் பெயர்தான் இருக்கும்.

பலருக்கும் புலப்படாதது இன்னொன்று. இந்தியாவில் தன் பெயரிலுள்ள வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குக்குப் பணம் அனுப்பி, அட்டையை அப்பாவிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நம்மிடையே வழக்கம். அந்த ரசீதில் அனுப்பியவரும் பெறுபவரும் ஒருவரே. அப்பாவுக்கு எதுவும் கொடுத்ததாக அது காட்டாது.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. நம் வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் அதே தலைப்பெழுத்து அப்பா அல்லது கணவரின் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் வேறு எழுத்தாக்கத்தில் இருக்கும். உறவுக்கான ஆவணமும் பணத்துக்கான ஆவணமும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன என்று ஜப்பானிய அலுவலர் பார்த்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும். உறவுக்கான ஆவணத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் தெரிய வேண்டும். ஒரே சான்றிதழில் இல்லாவிட்டால் பல அரசு ஆவணங்களைச் சேர்த்துக் காட்டலாம். பரிமாற்ற நிறுவனத்தில் பெறுபவரைப் பதியும்போதே வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் உறவு ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டால், ஆண்டு முடிவில் விளக்கக் கடிதம் எழுதும் வேலை இருக்காது.

ஆண்டுத் தாள்

ஒரே உறவினருக்கு ஆண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ அனுப்பியிருந்தால் ஒரு வசதி உண்டு. மெய்சைஷோ எனப்படும் விவரப் பட்டியலை எழுதிக்கொடுத்து, அந்த ஆண்டின் முதல் ரசீதையும் கடைசி ரசீதையும் இணைத்தால், நடுவில் உள்ளவற்றைக் கொடுக்காமல் விடலாம். ஆனால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, கேட்கும்போது காட்ட வேண்டும். 30 முதல் 69 வயதினருக்கு மொத்தத் தொகையே நிரூபிக்க வேண்டிய பொருள் என்பதால், பட்டியலோடு எல்லா ரசீதுகளையும் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

பட்டியலைக் கணினித் தாளில் எழுதுபவர்களுக்கு ஆறு பத்திகள் போதும்: A-இல் அனுப்பிய தேதி, B-இல் பெறுபவர், C-இல் யென் தொகை, D-இல் கட்டணம், E-இல் நிலை, F-இல் ரசீது எண். கட்டணத்தைத் தொகையிலிருந்து பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது உறவினர் கைக்குப் போன பணம் அல்ல. வரம்பை ஒட்டி நிற்கும் கணக்கில் அதைச் சேர்த்துக் கூட்டினால், எட்டாத வரம்பை எட்டியதாகத் தோன்றிவிடும். ஒருவருக்கான ஆண்டுத் தொகை இப்படி வரும்:

```
=SUMIFS(C:C, B:B, "அம்மா", E:E, "சேர்ந்தது",
  A:A, ">="&DATE(2025,1,1), A:A, "<"&DATE(2026,1,1))
```

மேல் எல்லையை டிசம்பர் 31 வரை என்று எழுதாமல், ஜனவரி 1-க்கு முன் என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பரிமாற்றச் செயலியிலிருந்து இறக்கிய வரலாற்றில் தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும். டிசம்பர் 31 மதியம் 3 மணிக்கு அனுப்பியது, கணினிக் கணக்கில் டிசம்பர் 31 நள்ளிரவு தொடக்கத்தைவிடப் பெரிய எண். எல்லையை அந்த நாளிலேயே நிறுத்தினால் கடைசி நாளின் பணம் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். சில செயலிகள் நேரத்தை உலகப் பொதுநேரத்தில் காட்டுகின்றன. ஜப்பான் நேரம் அதைவிட 9 மணி நேரம் முந்தியது. ஜனவரி 1 காலையில் அனுப்பியது பட்டியலில் டிசம்பர் 31 என்று தெரியலாம். டிசம்பர் 20-க்குள் எல்லாவற்றையும் அனுப்பி முடித்தால் இந்தச் சந்தேகங்களுக்கே இடமில்லை.

இறக்கிய பட்டியலில் தொகை சில நேரம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து உட்காரும். அதைக் கணினி பிழை என்று சொல்லாது, கூட்டாமல் விட்டுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணாக உள்ள கட்டங்களையும் நிரம்பிய கட்டங்களையும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பது:

```
=COUNT(C2:C60)
=COUNTA(C2:C60)
```

இரண்டும் ஒரே விடை தர வேண்டும். தராவிட்டால் அந்த வித்தியாசத்தின் அளவுக்குத் தொகைகள் விடுபட்டிருக்கின்றன.

நிலை என்ற பத்தி ஏன்? நம் திருநெல்வேலிக்காரர் மாதம் 32,000 வீதம் அம்மாவுக்கு அனுப்பினார். ஆகஸ்டில் பெயர் பொருந்தவில்லை என்று ஊர் வங்கி பணத்தைத் திருப்பிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தொகை அவர் கணக்குக்கே வந்து சேர்ந்தது. வேலை மும்முரத்தில் மறுபடி அனுப்ப மறந்துவிட்டார். செயலியின் வரலாற்றில் பன்னிரண்டு வரிகள் அப்படியே இருக்கின்றன, கூட்டினால் 3,84,000. அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் பதினொரு வரவுகள்தான், உண்மைத் தொகை 3,52,000. வரம்புக்கு 28,000 குறைவு. அனுப்பியவர் பட்டியலையும் பெற்றவர் வங்கிப் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிடாமல் இது தெரிய வராது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் 30,000 யென்னைக் கூடுதலாக அனுப்பி 3,82,000 ஆக்கியிருக்கலாம்.

ஒப்பிடும்போது ரூபாயை யென்னாக மாற்றிக் கூட்டக் கூடாது. ஊர் வங்கிப் புத்தகத்தில் ரூபாய்தான் இருக்கும், ஒவ்வொரு மாதமும் மாற்று விகிதம் வேறு. புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டியது பணம் வந்ததா, எந்த நாளில் வந்தது என்பதை மட்டும். தொகையை எப்போதும் ரசீதில் உள்ள யென்னிலிருந்தே எடுக்க வேண்டும்.

இரண்டு நாட்டின் இரண்டு ஆண்டுகள்

ஜப்பானில் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஊரில் அப்பா வங்கியில் ஆண்டு அறிக்கை கேட்டால் ஏப்ரலில் தொடங்கும் தாளைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதன் மொத்தத்தை அப்படியே எடுத்து ஜப்பானியப் படிவத்தில் எழுதினால், 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் பணம் விடுபட்டு, 2026-இன் முதல் மூன்று மாதங்கள் உள்ளே புகுந்துவிடும். மாதம் ஒரே தொகை அனுப்பியவருக்கு மொத்தம் தற்செயலாகச் சரியாக வரலாம். தீபாவளிக்கோ மருத்துவச் செலவுக்கோ கூடுதலாக அனுப்பியவருக்கு மாறும்.

இந்தியப் பக்கத்திலும் ஆண்டுத் தாள் உதவும். மகன் பெற்றோருக்குக் கொடுக்கும் பணம் நெருங்கிய உறவினர் கொடை என்பதால் பெற்றோர் கையில் வருமானமாக வரி விதிக்கப்படுவதில்லை. கணக்கில் வந்த தொகைக்கு விளக்கம் கேட்டால், யார் அனுப்பியது என்று காட்ட இதே பட்டியல் போதும். தேதி எல்லையை மட்டும் ஏப்ரல் 1-க்கு மாற்றினால் இந்திய ஆண்டின் தொகை வந்துவிடும். ஆண்டுக்கொரு புதுத் தாள் தொடங்காமல், ஒரே தொடர்ப் பட்டியலாக வைத்திருப்பதன் பயன் இது.

கொடுக்கும் காலமும் திருத்தும் காலமும்

நிறுவனங்கள் நென்மாட்சு சோசெய் எனும் ஆண்டிறுதி வரிச் சரிக்கட்டலுக்கான தாள்களைப் பெரும்பாலும் நவம்பரிலேயே கேட்டுவிடுகின்றன. அப்போது டிசம்பர் தவணை போயிருக்காது. வரம்பைக் கடைசித் தவணையில்தான் தொடுவோம் என்றால், நவம்பர் தாளில் 3,80,000 காட்ட முடியாது. இதைத் தவிர்க்க, பதினொரு மாதத்துக்குள் வரம்பைக் கடக்குமாறு மாதம் 35,000 என்று வைத்துக்கொள்வது ஒரு வழி. பதினொரு தவணையில் 3,85,000 ஆகிவிடும். அது இயலாதவர்கள், டிசம்பர் ரசீது வந்ததும் நிறுவனத்தில் கொடுத்துச் சரிக்கட்டலைத் திருத்தச் சொல்லலாம். ஜனவரி 31 வரை அதற்கு இடமுண்டு.

அதுவும் தவறினால் வரி அலுவலகத்தில் தானே கக்குதெய் ஷின்கொக்கு எனும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யலாம். அதன் வழக்கமான காலம் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதற்கான கணக்கானால் அடுத்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை கொடுக்கலாம். 2025-இல் பெற்றோருக்கு ஆளுக்கு 4 லட்சம் யென் அனுப்பியும் கழிவு கேட்கத் தெரியாமல் விட்ட ஒருவர், 2030 டிசம்பர் வரை கேட்டுப் பெற முடியும், ரசீதுகள் இருந்தால்.

இந்த ஐந்தாண்டு அவகாசம் தாளுக்கு மட்டும்தான், பணத்துக்கு அல்ல. தொலைந்த ரசீதைப் பரிமாற்ற நிறுவனத்திடம் மறுபடி கேட்டு வாங்கலாம், மொழிபெயர்ப்பைப் பின்னால் சேர்க்கலாம், பட்டியலைத் திருத்தி எழுதலாம். டிசம்பர் 31-க்குள் அம்மாவின் பெயரில் போகாத பணத்தை எந்தத் திருத்தமும் அந்த ஆண்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆகையால் செய்ய வேண்டியவை மூன்று. ஜனவரியில் ஒவ்வோர் உறவினருக்கும் தனிக் கணக்கும் ஆண்டு இலக்கும் வைத்துத் தவணையைப் பிரிக்க வேண்டும். மாதந்தோறும் ரசீது வந்த அன்றே ஒரு வரி எழுத வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஊர் வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, குறைவதை அந்த வாரமே அனுப்ப வேண்டும். இப்படிச் செய்தவர் படிவத்தின் கட்டத்தில் எழுதும் எண், யார் கேட்டாலும் ரசீது ரசீதாகப் பிரித்துக் காட்டக்கூடியதாக இருக்கும்.